மூன்று பவுணின் கணக்கு

வலப்பனையிலிருந்து இராகலைக்குப் போகும் பாதையில், தேயிலை மலைகள் இரண்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் நான் பிறந்த லயம் இருக்கிறது. ஆசிரியத் தொழிலுக்குப் போன பிறகும் விடுமுறை நாட்களில் அங்கே போய்வருவது என் வழக்கம். அப்படிப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த காம்பிராவில் வாழும் அக்கா கைலேஞ்சியில் முடிந்த இரண்டு கடதாசிகளுடன் எங்கள் வாசலுக்கு வந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் கொழுந்து பறித்து, அந்த ஆண்டுதான் கூடையை இறக்கி வைத்தவர் அவர். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்களுள் ஒருவர்.

"தம்பி, நீங்கள் கணக்கு வாத்தியார். இந்த இரண்டில் எது நல்லது என்று சொல்லுங்கள்" என்றார்.

ஒரு கடதாசி, நகைக் கடையில் எழுதி வாங்கிய விலைச் சீட்டு. மற்றது, வங்கியில் கொடுத்த நிலையான வைப்பு விண்ணப்பம். நடுவில் இருந்தது, ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையுமாக அவர் கைக்கு வந்த பத்து இலட்சம் ரூபா. 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டும், தோட்டத்தின் பங்காக நூற்றுக்குப் பன்னிரண்டும் மாதந்தோறும் சேரவேண்டும். அவ்வாறு துளித்துளியாகச் சேர்ந்த பணம் அது. ஒரு முறைதான் வரும். இரண்டாம் முறை வராது. அவருடைய மகளுக்கு மூன்று ஆண்டுகளில் கலியாணம் செய்யவேண்டும் என்பது வீட்டாரின் எண்ணம்.

நான் பள்ளிக்கூடத்தில் கூட்டுவட்டியை எத்தனையோ ஆண்டுகளாகக் கற்பித்தவன். ஆகவே, இதற்கு விடை சொல்வது எளிது என்ற நினைப்புடன் காகிதமும் பென்சிலும் எடுத்தேன். அந்தக் கணக்கை இங்கே படிப்படியாகத் தருகிறேன். எளிமைக்காக எண்களை முழு எண்களாக்கிக்கொள்கிறேன். வாசகர் தம் ஊர் விலையையும் தம் வங்கியின் வட்டியையும் இட்டு இதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

விலைச் சீட்டில் இருந்தது மூன்று பவுண் நகை. பவுண் என்பது எட்டுக் கிராம். நகைக்குரிய தங்கம் 22 கரட். அதாவது இருபத்து நான்கு பங்கில் இருபத்திரண்டு பங்கு தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். பவுண் ஒன்று மூன்று இலட்சம் வீதம் தங்கத்தின் விலை ஒன்பது இலட்சம். அதன்கீழே செய்கூலியும் சேதாரமுமாக இன்னும் ஓர் இலட்சம். ஆகப் பத்து இலட்சம்.

இந்த நகையை வாங்கி, அன்று மாலையே அதே கடையில் விற்கப்போனால் என்ன கிடைக்கும்? கடைக்காரர் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார், தராசில் இடுவார். செய்கூலியைத் திருப்பித் தரமாட்டார்; அது பத்தரின் உழைப்புக்குப் போய்விட்டது. சேதாரத்தையும் தரமாட்டார். நகையின் கண்ணிகளை இணைத்த பற்றாசுக்காகவும், உருக்கும்போது குறைவதற்காகவும், தாம் விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்காகவும் ஒரு பங்கு கழிப்பார். அந்தக் கழிவு நூற்றுக்கு ஐந்து என்று கொள்வோம். ஒன்பது இலட்சத்தில் ஐந்து வீதம் போனால் 855,000 ரூபா. காலையில் பத்து இலட்சமாக இருந்த பணம், தங்கத்தின் விலை ஓர் ரூபா கூட இறங்காமலே, மாலையில் எட்டரை இலட்சமாகிவிட்டது. நகைச் சேமிப்பு இந்தப் பள்ளத்தில் இருந்துதான் மேலே ஏறவேண்டும்.

இனி வங்கிப் பக்கம். வட்டி ஆண்டுக்கு எட்டு வீதம், வட்டியையும் முதலோடு சேர்த்து மூன்று ஆண்டுகள் வைப்பது என்று கொண்டால், பத்து இலட்சம் 1,259,712 ரூபாவாகும். வட்டியில் வரி பிடிப்பது உண்டு. ஆயினும் வருமானம் வரி எல்லைக்குக் கீழே உள்ளவர்கள் வங்கியில் உறுதிக்கூற்றுக் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். அக்காவின் வருமானம் அந்த எல்லையின் அருகிலும் இல்லை. கொடுக்க மறந்தவர்களுக்கே நட்டம்.

மூன்று ஆண்டுக்குப் பிந்திய பணத்தையும் இன்றைய பணத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. நாளைய பணத்தை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவர வேண்டும். அதன் வழி கூட்டுவட்டியின் தலைகீழ் வழிதான்: மூன்று ஆண்டு கழித்து வரும் தொகையை 1.08 ஆல் மூன்று முறை வகுக்கவேண்டும். வைப்புப் பணத்தை அவ்வாறு வகுத்தால் மீண்டும் பத்து இலட்சமே வரும். இதில் வியப்பில்லை, அதே வட்டியால் ஏற்றி அதே வட்டியால் இறக்கினோம். ஆனால் இது ஒரு நன்மை செய்கிறது. வங்கிப் பக்கத்தின் இன்றைய பெறுமதி பத்து இலட்சம் என்று நிலைத்துவிடுகிறபடியால், மிஞ்சும் கேள்வி ஒன்றே: நகையை மூன்று ஆண்டு கழித்து விற்றால் வரக்கூடிய பணத்தின் இன்றைய பெறுமதி, பத்து இலட்சத்துக்கு மேலா, கீழா?

தங்கத்தின் வருங்கால விலையை அறிந்தவர் எவரும் இல்லை. ஆகையால் மூன்று வழிகளை எழுதினேன். முதலாவது, விலை ஏறாமல் அப்படியே நிற்பது. நகை விற்று வரும் 855,000 ரூபாவை 1.08 ஆல் மூன்று முறை வகுத்தால், இன்றைய பெறுமதி ஏறத்தாழ 679,000. இரண்டாவது, விலையும் வட்டியைப் போலவே ஆண்டுக்கு எட்டு வீதம் ஏறுவது. அப்போது பெறுமதி 855,000. அதாவது முதல்நாள் மாலையில் விழுந்த பள்ளத்திலேயே நிற்கிறது. மூன்றாவது, ஆண்டுக்கு இருபது வீதம் ஏறுவது. அப்போது பெறுமதி ஏறத்தாழ 1,173,000. மூன்றுக்கும் சம வாய்ப்பு என்று கொண்டு மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால், எதிர்பார்க்கும் பெறுமதி ஏறத்தாழ 902,000 ரூபா. வைப்பைவிட ஏறத்தாழ ஓர் இலட்சம் குறைவு.

அதே பணத்துக்குத் தங்க நாணயம் வாங்கினால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். வாங்கும்போது இரண்டு வீதமும் விற்கும்போது இரண்டு வீதமும் மட்டும் போகுமானால், அதே மூன்று வழிகளின் சராசரி 1,014,000 ரூபா அளவில் வருகிறது. வைப்பைச் சற்றே மிஞ்சுகிறது! ஆகவே இந்தக் கணக்கில் தோற்றது தங்கமன்று, வேலைப்பாடுதான் தோற்றது. நகையாகச் சேமிக்கிறவர், பத்தரின் கூலியையும் சேமிப்பென்று எண்ணிக்கொள்கிறார்.

இதையே இன்னொரு விதமாகவும் கேட்கலாம். வைப்புக்கு ஈடாக வேண்டுமானால் தங்கம் ஆண்டுக்கு எத்தனை வீதம் ஏறவேண்டும்? ஓர் ஆண்டில் விற்பதானால் இருபத்தாறு வீதத்துக்கு மேல் ஏறவேண்டும். மூன்று ஆண்டானால் ஆண்டுக்கு 13.8 வீதம். பத்து ஆண்டானால் 9.7 வீதம் போதும். பள்ளம் ஒன்றுதான், அதை நிரப்பக் கிடைக்கும் ஆண்டுகள் கூடக்கூட ஆண்டொன்றின் பங்கு குறைகிறது. தீபாவளிக்கு வாங்கி, அடுத்த ஆண்டு பிள்ளையின் படிப்புக்கு விற்கும் குடும்பங்கள் ஏன் பல வேளைகளில் இழக்கின்றன என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

"அக்கா, வங்கியிலேயே போடுங்கள்" என்றேன். பென்சிலையும் கீழே வைத்தேன்.

அக்கா காகிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, மூன்று வருடம் கழித்து வங்கிக் காசை எடுத்து நான் என்ன செய்வேன்?"

"கலியாணச் செலவு செய்வீர்கள்."

"கலியாணத்துக்கு நகைதானே வாங்குவேன்? அப்போதும் செய்கூலி கேட்பார்கள்தானே? உங்கள் கணக்கில் நான் நகையை விற்கிறேன். நான் விற்கப்போவதில்லையே."

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. நான் பெருக்கியதும் வகுத்ததும் சரி. ஆனால் வேறொருவருடைய கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். நகையை விற்கப்போகிறவருக்கு உரிய கணக்கு அது. வாங்கவேண்டியவருக்கு உரிய கணக்கு வேறு. அவருக்கு வேண்டியது ரூபா அன்று, பவுண். அவருடைய கடமை பவுணில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே திரும்பப் போட்டேன். இன்று வங்கியில் பத்து இலட்சம் இட்டு, மூன்று ஆண்டு கழித்து 1,259,712 ரூபாவை எடுத்துக்கொண்டு அதே மூன்று பவுண் நகையை வாங்கப்போகிறார். தங்கம் ஏறாமல் நின்றால், நகை பத்து இலட்சம். கையில் இரண்டரை இலட்சத்துக்கு மேல் மிச்சம். ஆண்டுக்கு எட்டு வீதம் ஏறினால், நகையின் விலையும் கையிலுள்ள பணமும் சரிக்குச் சரி. இருபது வீதம் ஏறினால், நகையின் விலை 1,728,000 ரூபா. ஏறத்தாழ 468,000 ரூபா போதாமல் போகும். முந்திய கணக்கில் நகை வெல்ல 13.8 வீத ஏற்றம் தேவைப்பட்டது. இந்தக் கணக்கில் எட்டு வீதத்தைத் தாண்டினாலே போதும். செய்கூலி இன்றானாலும் அன்றானாலும் கொடுக்கவேண்டியதுதான் என்பதால், அது தராசின் இரு தட்டிலும் ஏறிச் சமனாகிவிட்டது.

மேலும், இரண்டு பக்கத்துப் பிழைகளும் ஒரே அளவானவை அல்ல. மிச்சம் வந்தால் மகிழ்ச்சி, போதாமற்போனால் கடன். தோட்டத்தில் கலியாணக் கடன் என்பது எத்தனை சம்பளநாட்களை விழுங்கும் என்பதை அங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டு வகைப் பிழைகளையும் நம் நாடு அண்மைக் காலத்திலேயே கண்டது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரூபாவின் பெறுமதியைப் பிடித்து வைத்திருந்த கட்டு அவிழ்க்கப்பட்டது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போயிற்று. தங்கத்தின் விலை உலகச் சந்தையில் டொலரில் இடப்படுகிறது. ஆகவே உலக விலை அசையாமல் நின்றாலும் இங்கே ரூபாவில் எண்பது வீதம் ஏறவேண்டும். அதற்கு முன் ஆறு வீத வட்டிக்குப் பத்து இலட்சம் போட்டிருந்தவர், ஆண்டு முடிவில் பத்து இலட்சத்து அறுபதாயிரத்தைக் குறைவின்றிப் பெற்றார். ஆனால் அதே பத்து இலட்சத்துக்கு நகை வாங்கி வைத்திருந்தவர், செய்கூலியையும் கழிவையும் இழந்து விற்றிருந்தாலும் பதினைந்து இலட்சத்துக்கு மேல் கண்டிருப்பார். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம். வைப்புச் சான்றிதழில் எண் குறையவில்லை. அந்த எண்ணால் வாங்கக்கூடிய அரிசிதான் குறைந்தது.

இதைக் கேட்டு, எப்போதும் தங்கமே வெல்லும் என்று முடிவு கட்டுவோர் அடுத்த ஆண்டைப் பார்க்கவேண்டும். 2022 இன் இறுதியில் வங்கிகள் இருபது வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தன. 2023இல் உலகச் சந்தையில் தங்கம் பதின்மூன்று வீதம் அளவில் ஏறியது. ஆனால் அதே ஆண்டில் டொலர் ஏறத்தாழ 363 ரூபாவிலிருந்து 324 ரூபாவுக்கு இறங்கியது. ஒன்றின் ஏற்றத்தை மற்றதன் இறக்கம் தின்றுவிட, ரூபாவில் தங்கம் நின்ற இடத்திலேயே நின்றது எனலாம். எல்லோரும் பயந்துபோய் நகைக் கடைக்கு ஓடிய வேளையில் பொறுமையாக வங்கிக்குப் போனவர் அந்த ஆண்டு வென்றார். அதற்கும் முன், 2011இல் 1,900 டொலர் வரை சென்ற ஒரு அவுன்ஸ் தங்கம் 2015இன் முடிவில் 1,060 டொலர் அளவில் இருந்தது. 2013இல் அது சரிந்தபோது, நகைகளை அடகு பிடித்திருந்த நம் நாட்டு வங்கிகளே தடுமாறின. அடகை மீட்பதைவிட விட்டுவிடுவதே இலாபம் என்று பலர் நகையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகையால் தங்கமா, வைப்பா என்று பொதுவில் கேட்பது பயனற்ற கேள்வி. இந்தப் பணம் பின்னர் எதுவாக மாறவேண்டும் என்று முதலில் கேட்கவேண்டும். பவுணாக மாறவேண்டிய பணத்துக்கு வைப்பே சூதாட்டம். மருந்தாகவும் கூரைத் தகரமாகவும் மாறவேண்டிய பணத்துக்கு நகையே சூதாட்டம்.

அக்காவிடம் இந்த விதமாகவே கேட்டேன். "மூன்று பவுணும் மகளுக்கா, அக்கா?"

அவர் விரலை மடக்கினார். "சங்கிலி ஒரு பவுண். தோடும் காப்பும் ஒரு பவுண். மற்ற ஒரு பவுண் எனக்கு. வயது போன காலத்தில் ஒரு அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்று."

அங்கேதான் அந்தப் பத்து இலட்சம் இரண்டாகப் பிரிந்தது. மூன்றாம் பவுண், விற்கவோ அடகு வைக்கவோ போகும் பவுண். அதற்கு என்னுடைய முதற்கணக்கே பொருந்தும். அடகு வைத்தால் செய்கூலியின் இழப்போடு அடகு வட்டியும் சேரும். வட்டி கட்டத் தவறினால் நகையே ஏலத்துக்குப் போகும். அதே தொகை வைப்பில் இருந்தால், அவசரத்துக்கு அதன்மேலும் கடன் எடுக்கலாம். அப்போதும் வைப்பு தன் வட்டியை உழைத்துக்கொண்டே இருக்கும்.

முதல் இரண்டு பவுணுக்கு இரண்டாம் கணக்கு பொருந்தும். ஆனால் இன்றே நகையாக வாங்கவேண்டும் என்பதில்லை. இரண்டு பவுணை நாணயமாக வாங்கினால் இரண்டு வீதம் சேர்த்து 612,000 ரூபா. கலியாணம் நிச்சயமானபின் மகள் விரும்பும் வடிவத்தில் பத்தரிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம். இன்று வாங்கிய சங்கிலி மூன்று ஆண்டில் பழைய மோஸ்தர் என்று மாற்றப்பட்டால், செய்கூலி இரண்டு முறை போகும். மகள் படிக்கவே விரும்பிக் கலியாணம் தள்ளிப்போனாலும், நாணயத்தை விற்பதில் இழப்புக் குறைவு. மிஞ்சும் 388,000 ரூபா எட்டு வீத வைப்பில் மூன்று ஆண்டில் ஏறத்தாழ 489,000 ஆகும். அன்றைய செய்கூலியை அதிலிருந்து கொடுத்தாலும், அக்காவின் கையில் அவருடைய முதுமைக்கு ஒரு தொகை நிற்கும்.

இந்தத் திட்டத்திலும் குறையில்லாமல் இல்லை. லயத்துக் காம்பிராவில் தங்கத்தை வைப்பது நிம்மதியான காரியமன்று; மழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் இரவோடு இரவாக வெளியேற வேண்டிய மலைநாடு இது. வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் ஆண்டு வாடகை உண்டு. அதையும் தங்கத்தின் பக்கத்துச் செலவில் எழுதவேண்டும். வைப்பிலும் அவதானம் வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனத்தில், ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் பதினொரு இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு என்பது 2021இல் வகுத்த எல்லை. அதிக வட்டி என்று உரிமம் இல்லாதவரிடம் கொடுத்த பணத்துக்கு அந்தக் காப்பு இல்லை. நாணயம் வாங்கும்போது எடையும் கரட்டும் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாவிட்டால், விற்கும் நாளில் கழிவு கூடும்.

அக்கா இரண்டு கடதாசிகளையும் மடித்துக் கைலேஞ்சியில் முடிந்தார். விலைச் சீட்டின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன: நாணயம் இரண்டு பவுண், வைப்பு 388,000.

"இவ்வளவு நேரம் எழுதினீர்களே, தம்பி. இதை முதலிலேயே கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், எது யாருக்கு என்று" என்றார்.

உண்மைதான். இப்போது வகுப்பில் கூட்டுவட்டி கற்பிக்கும்போது, மாணவர் பென்சில் எடுப்பதற்கு முன் ஒரு வரி எழுதச் சொல்கிறேன்: இந்தப் பணம் கடைசியில் என்னவாகப் போகிறது? அந்த வரி இல்லாத விடைத்தாளுக்கு, விடை சரியாக இருந்தாலும் நான் முழுப் புள்ளி கொடுப்பதில்லை.